அம்மாவுக்கு ஒரு போன், குறைந்த செலவில் ஒரு திட்டம்: மூன்று வழிகளும் ஒரு பூட்டும்

அம்மா மன்னார்குடியில் தனியாக இருக்கிறார், வயது 76. நான் சென்னையில். அவருடைய சாதா கீபேட் போனுக்கு 28 நாளுக்கு ஒருமுறை நான்தான் ரீசார்ஜ் செய்துவந்தேன். ஒரு பொங்கலுக்குப் போயிருந்தபோது தெருமுனைக் கடைக்காரர் பேச்சுவாக்கில், "அம்மா மாசத்துக்கு ரெண்டு தடவையாச்சும் டாப்-அப் போடுறாங்களே" என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "பேலன்ஸ் இல்லன்னு மெசேஜ் வருதுப்பா, நீ வேலையில இருப்ப, உன்னை எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னு நானே போட்டுக்கிட்டேன்" என்றார்.

அந்தப் பணம் போன வழியைத் தோண்டியதில் மூன்று சேவைகள் கிடைத்தன. ஒரு காலர் டியூன், தினசரி ராசிபலன், பக்திப் பாடல். எதையும் அம்மா கேட்டு வாங்கவில்லை. திரையில் திடீரென்று ஒரு பெட்டி வந்து நிற்கும், அதைப் போக்குவதற்காக 'ஓகே' அழுத்தியிருக்கிறார். அடுத்து இன்னொரு பெட்டி வரும், அதையும் போக்குவதற்காக இன்னொரு 'ஓகே'. வாடிக்கையாளர் இரண்டு முறை உறுதிப்படுத்தினால்தான் இத்தகைய சேவையைத் தொடங்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. ஆனால் மூக்குக்கண்ணாடி இல்லாமல் பச்சைப் பொத்தானை இரண்டு முறை அமுக்குகிறவர்களுக்கு அந்த இரண்டு உறுதியும் ஒன்றுதான்.

அதனால் எந்தத் திட்டம் மலிவு என்று பார்ப்பதற்கு முன்னால் பணம் எந்த ஓட்டை வழியாக ஒழுகுகிறது என்பதைப் பார்த்துவிடலாம். அது தெரிந்தால் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்த மாதிரி.

ஒழுகும் இடம் மெயின் பேலன்ஸ்

ப்ரீபெய்டு சிம்மில் இரண்டு தனித்தனி உண்டியல்கள் இருக்கின்றன. ஒன்று நாம் போடும் பேக். 28 நாள், 84 நாள், ஒரு வருடம் என்று செல்லுபடி உள்ளது. உள்ளூரும் வெளியூரும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். மற்றொன்று மெயின் பேலன்ஸ், அதாவது டாப்-அப் போட்டால் சேரும் காசு. பேக்கில் 'அன்லிமிடெட்' என்று போட்டிருந்தாலும் சில எண்கள் அதற்குள் வராது. வெளிநாட்டு அழைப்புகள், 1900-ல் தொடங்கும் பிரீமியம் எண்கள், போட்டிக்கும் ஜோதிடத்துக்கும் பயன்படும் ஐந்து இலக்கக் குறுகிய எண்கள் இவற்றுக்கெல்லாம் மெயின் பேலன்ஸில்தான் கழிப்பார்கள். ராசிபலன், காலர் டியூன் சந்தாவும் அங்கிருந்துதான் போகும். டேட்டா பேக் இல்லாத கீபேட் போனில் நடு பொத்தான் தவறுதலாக அழுந்தி இணையம் திறந்துகொண்டால் அதற்கும் அங்கேதான் கை வைப்பார்கள்.

அதாவது மெயின் பேலன்ஸ் பூஜ்யமாக இருந்தால் எடுப்பதற்கு எதுவுமே இல்லை. அம்மா எந்தப் பெட்டிக்கு 'ஓகே' கொடுத்தாலும் சந்தா பிடிக்காது. பிரீமியம் எண்ணை அழைத்தாலும் லைன் போகாது. மகன், மகள், டாக்டர், பால்காரர் எல்லாரிடமும் பேசுவது பேக்கில் வழக்கம்போல நடக்கும். காசு செலவில்லாமல் கிடைக்கும் பூட்டு இதுதான். இதைத் தாண்டி நாம் செய்வதெல்லாம் கூடுதல் தாழ்ப்பாள்கள்.

'சிம் உயிரோடு இருக்க 20 ரூபாயாவது பேலன்ஸ் வைக்க வேண்டும்' என்று சிலர் சொல்வார்கள். அந்த விதி 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடக்கும் சிம்முக்கானது. அம்மா தினமும் நான்கு பேரிடம் பேசுகிறார், பேக்கும் ஓடுகிறது. அவருக்கு அந்த 20 ரூபாய் தேவையே இல்லை. டாப்-அப் போடுவதே நஷ்டம் என்பதும் உண்டு. வரியும் கட்டணமும் போக 100 ரூபாய்க்குக் கிடைக்கும் பேச்சுக் காசு 81.75 ரூபாய்தான்.

ஒரு ஓட்டை மட்டும் மிச்சம் இருக்கிறது, டாக்டைம் கடன். பேலன்ஸ் இல்லாதபோது "10 ரூபாய் கடன் வேண்டுமா, 1 அழுத்தவும்" என்று வரும். அழுத்தினால் பூஜ்யம் பத்தாகிவிடும். அடுத்த ரீசார்ஜில் கட்டணத்தோடு சேர்த்துப் பிடிப்பார்கள். கஸ்டமர் கேரில் பேசும்போது இந்த வசதியையும் சேர்த்து நிறுத்தச் சொல்ல வேண்டும்.

முதல் வழி: 28 நாள் பேக், யுபிஐ ஆட்டோபே

நான் முதலில் செய்தது இதுதான், பலரும் செய்வதும் இதுதான். நிறுவனத்தின் ஆப்பில் அம்மாவின் எண்ணைப் போட்டு, அவர் போனுக்கு வரும் ஓடிபியைக் கேட்டு நுழைந்து, 'ஆட்டோபே' என்ற இடத்தில் நம் யுபிஐ-யை இணைத்தால் முடிந்தது. 15,000 ரூபாய்க்கு உட்பட்ட தொகைக்கு ஒவ்வொரு முறையும் பின் கேட்காது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு நமக்கு ஒரு தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தத் தகவல் நமக்கு வருவது நல்லது, அம்மாவுக்கு அது ஒரு கவலை குறைவு.

இதில் சிக்கல் இரண்டு இடத்தில் வருகிறது. முதலாவது, ஆட்டோபே தவறினால் அது அமைதியாகத் தவறும். நான் வேலை மாறியபோது பழைய சம்பளக் கணக்கில் 140 ரூபாய்தான் மிச்சம் இருந்தது. தானாகப் பணம் எடுக்க நான் கொடுத்திருந்த அனுமதி, அதாவது மேண்டேட், அந்தக் கணக்கில்தான் இருந்தது. எனக்கு வந்த 'தோல்வி' தகவலை ஏதோ விளம்பரம் என்று தள்ளிவிட்டேன். அம்மாவால் யாரையும் அழைக்க முடியவில்லை, சில நாளில் அழைப்பு வருவதும் நின்றது. நான் போன் செய்யவில்லை என்று அவர் கோபித்துக்கொண்டிருக்க, அவர் எடுக்கவில்லை என்று நான் பயந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்காவை அனுப்பிப் பார்க்கச் சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது.

இரண்டாவது, விலை மாற்றம். மேண்டேட் திரையில் அதிகபட்சத் தொகை என்று ஒன்று இருக்கும். 2024 ஜூலை தொடக்கத்தில் மூன்று தனியார் நிறுவனங்களும் கட்டணத்தை உயர்த்தின. ஏர்டெல்லின் 179 ரூபாய் பேக் 199 ஆனது. உச்சவரம்பு பழைய விலைக்கே நிற்கிறது என்றால் விலை கூடிய மாதம் ரீசார்ஜ் நடக்காது. ஆட்டோபே போட்டுவிட்டோம் என்று மறந்துவிடுகிறவர்களுக்கு இது தெரியாமல் போய்விடும்.

வருடத்துக்கு 13 தடவை பணம் எடுக்கப்படுகிறது, அதாவது 13 முறை தவறுவதற்கு வாய்ப்பு. 28 நாள் பேக் என்பது மாத பேக் இல்லை என்பதும் நமக்குப் பழகிப்போய்விட்டது. 199 ரூபாயை 13-ஆல் பெருக்கினால் 2,587.

இரண்டாவது வழி: ஒரு வருட குரல் பேக், நாமே போடுவது

கீபேட் போன் வைத்திருப்பவர்களுக்கு டேட்டா எதற்கு என்ற கேள்வி பல வருடமாக இருந்தது. 2024 டிசம்பரில் டிராய், குரலும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள தனி பேக்குகளைத் தர வேண்டும் என்று விதியைத் திருத்தியது. சிறப்பு வவுச்சர்களின் செல்லுபடியை 90 நாளிலிருந்து 365 நாள்வரை நீட்டவும் அனுமதித்தது. 2025 ஜனவரியில் நிறுவனங்கள் இந்தப் பேக்குகளைக் கொண்டுவந்தன. சில நாளிலேயே விலையைக் கொஞ்சம் குறைத்த பிறகு நின்ற கணக்கு இது. ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469, 365 நாளுக்கு 1,849. ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748.

இங்கே கண் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. 1,748 சின்னத் தொகைதான், ஆனால் அது 336 நாளுக்கு. நாளுக்கு வகுத்தால் ஜியோ 5.20 ரூபாய், ஏர்டெல் 5.07 ரூபாய். வித்தியாசம் சொற்பம்தான், ஆனால் ஒரு மாதம் முன்னதாகவே தீர்ந்துபோகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. போன வருடம் பொங்கலுக்குப் போட்டோம், இந்த வருடமும் பொங்கலுக்குப் போடலாம் என்று இருந்தால் மார்கழியிலேயே போன் நின்றுவிடும். விலை அடிக்கடி மாறும், போடும் அன்று ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் எந்தப் பேக்கையும் நாள் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் மாற வேண்டாம்.

365 நாள் பேக்கை எடுத்தால் மாதத்துக்கு 154 ரூபாய் விழுகிறது. 28 நாள் வழியோடு ஒப்பிட்டால் வருடத்துக்கு 738 ரூபாய் மிச்சம். எனக்கு அந்த மிச்சத்தைவிடப் பெரிது, தவறும் வாய்ப்பு 13-லிருந்து ஒன்றாகக் குறைந்தது. ஆட்டோபேயே வேண்டாம் என்று நான் முடிவுசெய்தது இதனால்தான். தீரும் தேதிக்கு 10 நாள் முன்பு ஒலிக்கும்படி என் போனிலும் தங்கை போனிலும் நினைவூட்டல் வைத்தோம். யார் முதலில் போடுகிறார்களோ அவர் வாட்ஸ்அப் குழுவில் ஸ்கிரீன்ஷாட் போட வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

இதற்கும் குறை உண்டு. பணம் மொத்தமாக மாட்டிக்கொள்ளும். மூன்றாவது மாதம் டவர் சரியில்லை என்று வேறு நிறுவனத்துக்கு மாறினால் மிச்ச நாள் கூட வராது. அதனால் முதல் மாதம் 28 நாள் பேக் போட்டு வீட்டில் சோதித்துப் பார்த்தோம். வாசலில் நன்றாக எடுத்தது, கொல்லைப்புறத்திலும் எடுத்தது. அம்மா மத்தியானம் படுக்கும் உள்ளறையில் மட்டும் குரல் உடைந்தது. வேறு நிறுவன சிம்மைத் தங்கை போனிலிருந்து கழற்றிப் போட்டுப் பார்த்தோம், அங்கே தெளிவாகக் கேட்டது. பிறகுதான் ஒரு வருடப் பேக். மொத்தமாக 1,849 கொடுக்க முடியாதவர்களுக்கு 84 நாள் பேக்கும் ஆட்டோபேயும் நல்ல நடுவழி. வருடத்துக்கு நான்கைந்து தடவைதான் பணம் போகும்.

மூன்றாவது வழி: போஸ்ட்பெய்டு, நம் பில்லில் சேர்ப்பது

நம் போஸ்ட்பெய்டு இணைப்போடு அம்மாவின் எண்ணையும் குடும்ப இணைப்பாகச் சேர்ப்பது. செல்லுபடி தீர்வது, கடைசி தேதி என்ற தலைவலியே இல்லை. ஒரே பில், அதுவும் கார்டில் தானாகக் கட்டப்படும். வெளியிலிருந்து பார்த்தால் இதுதான் மிக வசதி.

எனக்கு இது பிடிக்காததற்கு ஒரே காரணம், மெயின் பேலன்ஸ் என்ற உண்டியலே இங்கே இல்லை. அம்மா எதற்கு 'ஓகே' சொன்னாலும், எந்த எண்ணை அழைத்தாலும், பணம் இல்லை என்று நிறுத்த எதுவும் கிடையாது. அது பில்லில் ஏறும். தானாகக் கட்டும் பில்லை யார் வரி வரியாகப் படிக்கிறார்கள்? நான் படிப்பதில்லை. பூஜ்யம் என்ற இயற்கையான பூட்டு போய்விட, ஒவ்வொரு சேவையையும் நிறுவனத்திடம் கேட்டு நிறுத்த வேண்டியிருக்கும். 18 சதவீத ஜிஎஸ்டியும் மாத வாடகைக்கு மேல் தனியாகச் சேரும். ஸ்மார்ட்போனில் மணிக்கணக்காக வீடியோ கால் பேசும், பில்லைத் தாமே பார்க்கும் பெற்றோருக்கு இது பொருந்தலாம். என் அம்மாவுக்கு இல்லை.

போன் எது

சிம்மை முடிவுசெய்த பிறகு போன் வாங்க வேண்டும், முன்னால் வாங்கினால் மாட்டிக்கொள்வோம். ஜியோவுக்கு 2ஜி கிடையாது, எல்லா அழைப்பும் 4ஜி வழியாகத்தான். அலமாரியில் கிடக்கும் பழைய 2ஜி கீபேட் போனில் அந்த சிம் வேலை செய்யாது. ஏர்டெல், வோடஃபோன் ஐடியா சிம்களுக்கு 2ஜி போனே போதும், ஆனால் புதிதாக வாங்குவதாக இருந்தால் 4ஜி கீபேட் போன்தான் வாங்குவேன், குரல் தெளிவாக இருக்கும். ஜியோபாரத் போன் 2023-ல் 999 ரூபாய்க்கு வந்தது. அந்தப் போனுக்கென்றே 28 நாளுக்கு 123 ரூபாய் திட்டமும் வந்தது. இங்கே சொன்ன பேக்குகளில் நாள் கணக்குக்கு அதுதான் மலிவு. ஆனால் அந்தப் போனில் வேறு நிறுவன சிம் போட முடியாது. அம்மாவின் உள்ளறை மாதிரி ஒரு அறை இருந்தால் அங்கே சிக்கல்.

ஸ்மார்ட்போன் வேண்டுமா என்பது பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆசைப்படுகிறாரா என்பதைப் பொறுத்தது. அம்மா ஒருமுறை பார்த்துவிட்டு, "முகம் தெரியுது, ஆனா கையைத் தொட்டா அதுபாட்டுக்கு எங்கயோ போகுது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதோடு முடிந்தது.

தாழ்ப்பாள்கள்

அன்று அம்மாவின் போனில் செய்ததை அதே வரிசையில் சொல்கிறேன். மொத்தமாக முக்கால் மணி நேரம் ஆனது.

முதலில் ஓடிக்கொண்டிருக்கும் சந்தாக்களை நிறுத்தினோம். 155223 என்பது எல்லா நிறுவனத்துக்கும் பொதுவான இலவச எண். அதற்கு STOP என்று குறுஞ்செய்தி அனுப்பினால் ஓடும் சேவைகளின் பட்டியல் வரும், அதிலிருந்து ஒவ்வொன்றாக நிறுத்தலாம். அழைத்தும் நிறுத்தலாம்.

அடுத்து விளம்பரம். 1909-க்கு FULLY BLOCK என்று அனுப்பினோம். இதனால் வங்கி ஓடிபியும் சிலிண்டர் பதிவுச் செய்தியும் நிற்காது. விளம்பரம் மட்டும்தான் நிற்கும். 140-ல் தொடங்கும் எண் வந்தால் விளம்பரம், எடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அந்தப் பெட்டிகள் எங்கிருந்து வருகின்றன என்று தேடினேன். போனின் மெனுவில் கடைசியாக சிம் நிறுவனத்தின் பெயரிலேயே ஒரு பகுதி இருந்தது. அதற்குள் போனால் செய்திகளைத் தொடங்கு, நிறுத்து என்று ஒரு தேர்வு. நிறுத்து என்று வைத்ததும் பெட்டிகள் வருவது நின்றது. மற்ற எல்லாவற்றையும்விட அம்மாவுக்கு நிம்மதி தந்தது இதுதான்.

வெளிநாட்டு அழைப்பைப் பொறுத்தவரை, +91 அல்லாத ஏதோ ஒரு எண்ணிலிருந்து மிஸ்டு கால் வரும், திருப்பி அழைத்தால் காசு போகும் என்ற பழைய தந்திரம் தெரிந்ததே. பேலன்ஸ் பூஜ்யமானால் அதுவும் நடக்காது. இருந்தாலும் தடை போட்டுவைத்தேன். முதல் வரி தடையைப் போடும், இரண்டாவது வரி போட்டாயிற்றா என்று காட்டும்.

```
*331*0000#
*#331#
```

0000 என்பது பெரும்பாலும் இருக்கும் தொடக்கக் கடவுச்சொல். தவறு என்று வந்தால் கண்டபடி முயற்சி செய்யாதீர்கள், மூன்று முறை தவறினால் அந்த வசதியே பூட்டிக்கொள்ளும். சில சிம்களில், முக்கியமாக 4ஜி அழைப்பில், இந்தக் குறியீடு வேலையே செய்யாது. அப்போது கஸ்டமர் கேரில் ஐஎஸ்டி மூடியிருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்வதே வழி.

கடைசியாக ஒரு கடுமையான தாழ்ப்பாள் உண்டு. ஃபிக்சட் டயலிங் என்று போனின் பாதுகாப்பு அமைப்புகளில் இருக்கும். அதை இயக்கினால் பட்டியலில் உள்ள எண்களை மட்டும்தான் அழைக்க முடியும். இதற்கு பின்2 வேண்டும், அது சிம் வந்த அட்டையில் இருக்கும், இல்லையென்றால் நிறுவனத்திடம் கேட்க வேண்டும். அம்மாவுக்கு இதைப் போடவில்லை. மறதி வந்து, இரவில் யாருக்கென்று தெரியாமல் அழைத்துக்கொண்டிருந்த பெரியம்மாவுக்குப் போட்டோம். எட்டு எண்கள், அதோடு 108-ம் 112-ம் பட்டியலில் சேர்த்தோம். பட்டியலில் இல்லாத எண்ணுக்குக் குறுஞ்செய்தியும் போகாது, பேலன்ஸ் பார்க்கும் குறியீடுகளும் ஓடாது என்பதால் மற்ற எல்லா வேலையையும் முடித்துவிட்டு இதைக் கடைசியாகப் போட வேண்டும். ஊரில் புது டாக்டர் வந்தால் யாராவது போய்ப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது இதன் விலை.

எல்லாம் முடிந்ததும் மிச்சமிருந்த மெயின் பேலன்ஸைப் பார்த்தேன், 11 ரூபாய் சொச்சம் இருந்தது. அதையும் தீர்க்க வேண்டுமே என்று, ஐஎஸ்டி தடை போடுவதற்கு முன்பே அம்மா போனிலிருந்து சிங்கப்பூரில் உள்ள மாமாவை அழைத்திருக்கலாம் என்று தங்கை சொன்னாள். தாமதமாகிவிட்டது. காசு தானாகத் தீரட்டும் என்று விட்டுவிட்டோம்.

கிளம்பும்போது கடைக்காரரிடம் போய், அம்மா டாப்-அப் கேட்டால் எனக்கு ஒரு போன் போடுங்கள் என்று சொல்லி என் எண்ணைக் கொடுத்தேன். அவர் அதைக் கல்லாவுக்குப் பின்னாலிருந்த காலண்டர் அட்டையில் எழுதிக்கொண்டார். இதுவரை இரண்டு முறை அழைத்திருக்கிறார். இரண்டு முறையும் அம்மாவுக்கு 'உங்கள் இருப்பு குறைவாக உள்ளது' என்ற குறுஞ்செய்திதான் வந்திருந்தது. அது மெயின் பேலன்ஸைச் சொல்கிறது, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவருக்கும் அம்மாவுக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்.